ஒரே பில்லில் இரண்டு தள்ளுபடி

திருச்சியில் மின்பொருள் விற்கும் ஒரு சில்லறைக் கடைக்கு ஏப்ரல் 1-ஆம் தேதி மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒயர் சுருள்கள், சுவிட்சுகள், பிளக்குகள். கம்பெனியின் விலைப்பட்டியல்படி அவற்றின் மதிப்பு 1,00,000 ரூபாய். பில்லில் அதற்குப் பக்கத்தில் ‘20+5’ என்று தள்ளுபடி போட்டிருக்கிறது. பில்லின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது: 10 நாளில் பணம் வந்தால் 2 சதவீதம் கேஷ் டிஸ்கவுண்ட், இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை. சரக்கை இறக்கிவிட்டுப் போகும் விற்பனைப் பிரதிநிதியும், “அண்ணே, பத்து நாளுக்குள்ள போட்டுவிட்டீங்கன்னா ரெண்டு பர்சென்ட் கழிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

கடைக்காரர் பார்வையில் இரண்டுமே லாபம்தான். கையிலிருந்து போகும் பணம் இரண்டிலும் குறைகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் முதல் தள்ளுபடி எந்த இடத்திலும் தென்படக் கூடாது, இரண்டாவது தள்ளுபடி தனியாகத் தென்பட்டே ஆக வேண்டும். ஏன் இப்படி என்பது புரியாமல் பதிவு போடும்போதுதான் வராத லாபம் வந்ததாகவும், வந்த லாபம் காணாமல் போனதாகவும் கணக்கு காட்டுகிறது.

முதலில் அந்த 20+5. இதை வியாபாரத் தள்ளுபடி என்பார்கள். ஒயர், சுவிட்ச், பெயின்ட், குழாய் போன்ற தொழில்களில் கம்பெனி அச்சடிக்கும் பட்டியல் விலைக்கு யாரும் சரக்கு வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு ஒரே பட்டியலைப் போட்டுவிட்டு, வினியோகஸ்தருக்கு ஒரு சதவீதம், டீலருக்கு ஒரு சதவீதம், மொத்தமாக வாங்கும் கட்டட ஒப்பந்தக்காரருக்கு ஒரு சதவீதம் என்று கழித்துக்கொடுப்பது கம்பெனிக்கு வசதி. செம்பு விலை ஏறினால் பட்டியலை மாற்றாமல் தள்ளுபடியைக் குறைத்தால் போதும். அதாவது தள்ளுபடி என்ற பெயரில் அங்கே நடப்பது விலை நிர்ணயம். வாங்குபவர் யார், எவ்வளவு வாங்குகிறார் என்பதைப் பொறுத்து விலை முடிவாகிறது.

‘20+5’ என்றால் 25 அல்ல. முதலில் 1,00,000-இல் 20 சதவீதம் கழிந்து 80,000. மீதியில் 5 சதவீதம், அதாவது 4,000 கழிந்து 76,000. மொத்தத்தில் 24 சதவீதம். பில்லைச் சரிபார்க்காமல் 25 என்று எண்ணிக்கொள்பவர்கள் ஒவ்வொரு லட்சத்திலும் ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு இடிக்கிறதே என்று பிறகு தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த 76,000-தான் சரக்கின் விலை. ஒரு லட்சம் ரூபாய் கொடுப்பதாகக் கடைக்காரர் எந்த நேரத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. மொத்த வியாபாரியும் அதை எதிர்பார்க்கவில்லை. யாரும் யாருக்கும் கடன்படாத தொகைக்குக் கணக்கில் இடமில்லை. அதனால் கொள்முதல் ஏட்டில் ஏறுவது 76,000 மட்டும். பட்டியல் விலையும் கழித்த 24,000-உம் பில்லில் இருந்தால் போதும். பேரேட்டுக்கு அவை வரவே வராது.

வரியும் இந்த வழியில்தான் போகிறது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 15-ஆவது பிரிவில், சரக்கு கொடுக்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்த தள்ளுபடி பில்லில் எழுதப்பட்டிருந்தால் அதை வரிக்குரிய மதிப்பில் சேர்க்க வேண்டாம் என்கிறது. ஆகவே 18 சதவீத வரி 76,000 மேல்தான் விழும்: மத்திய வரி 6,840, மாநில வரி 6,840, இரண்டும் சேர்ந்து 13,680. பில் தொகை 89,680. ஏப்ரல் 1 தேதியில் கடைக்காரர் போட வேண்டிய பதிவு இவ்வளவுதான்: கொள்முதல் கணக்கில் 76,000 பற்று, உள்ளீட்டு வரியாக 13,680 பற்று, மொத்த வியாபாரியின் கணக்கில் 89,680 வரவு.

இந்தப் பதிவில் அந்த 2 சதவீதத்தைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். தொட முடியாது, ஏனென்றால் ஏப்ரல் 1 அன்று அது நடக்கவில்லை. கடைக்காரர் பத்து நாளில் கட்டுவாரா, மாதக் கடைசி வரை இழுப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ரொக்கத் தள்ளுபடி என்று இதைச் சொன்னாலும் நோட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வங்கி மூலம் அனுப்பினாலும் காசோலை கொடுத்தாலும் கெடுவுக்குள் பணம் சேர்ந்தால் போதும். சரக்கின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடனைச் சீக்கிரம் அடைத்ததற்குக் கிடைக்கும் பணம் இது.

கடைக்காரர் ஏப்ரல் 10-ஆம் தேதி பணம் அனுப்பிவிடுகிறார். இந்த வியாபாரத்தில் 2 சதவீதத்தை வரி சேராத 76,000 மேல் கணக்கிடுவதாக ஏற்பாடு. அது 1,520 ரூபாய். வங்கியிலிருந்து போவது 88,160. பதிவு: மொத்த வியாபாரியின் கணக்கில் 89,680 பற்று, வங்கிக் கணக்கில் 88,160 வரவு, ‘பெற்ற தள்ளுபடி’ கணக்கில் 1,520 வரவு. 89,680 கடன் முழுவதும் தீர்ந்தது, அதில் 1,520-ஐ மட்டும் அவர் விட்டுக்கொடுத்தார் என்று புத்தகம் சொல்கிறது. அந்த 1,520 லாப நட்டக் கணக்கில் வருமானமாகப் போகும். மொத்த வியாபாரியின் புத்தகத்தில் இதே நிகழ்ச்சி எதிர்ப்பக்கமாக இருக்கும்: விற்பனை 76,000, பணம் வந்த நாளில் ‘அளித்த தள்ளுபடி’ என்ற செலவு 1,520.

கையால் கணக்கெழுதிய காலத்தில் மூன்று பத்தி ரொக்க ஏடு என்று ஒன்றை வைத்திருந்தார்கள். பள்ளிப் பாடத்தில் இன்றும் அது இருக்கிறது. ரொக்கத்துக்கு ஒரு பத்தி, வங்கிக்கு ஒரு பத்தி, தள்ளுபடிக்கு ஒரு பத்தி. பணம் வந்த பக்கத்தில் நாம் அளித்த தள்ளுபடி, பணம் போன பக்கத்தில் நாம் பெற்ற தள்ளுபடி. மாதக் கடைசியில் ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இருப்புக் கட்டுவார்கள். தள்ளுபடிப் பத்தியை மட்டும் இருப்புக் கட்டாமல் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்டி, பேரேட்டில் இரண்டு தனிக் கணக்குகளுக்கு அனுப்புவார்கள். இது நல்ல வழக்கம், கணினிக்கு மாறிய பிறகும் விடக் கூடாதது. இன்று சில கடைகளில் ‘தள்ளுபடி’ என்று ஒரே கணக்கைத் திறந்து கொடுத்ததையும் வாங்கியதையும் அதிலேயே போட்டுவிடுகிறார்கள். வருடத்தில் 40,000 கொடுத்து 38,000 வாங்கியிருந்தால் 2,000 செலவு என்று மட்டும் தெரியும். வசூலை வேகப்படுத்த 40,000 போனது என்பதை முதலாளி பார்க்கவே மாட்டார்.

ரொக்கத் தள்ளுபடியைச் சரக்கோடு கலக்காமல் தனியே காட்டச் சொல்வதற்குப் பின்னால் பெரிய காரணம் ஒன்று உண்டு: அது வட்டியின் உறவுக்காரன். நம் கடைக்காரர் 10-ஆம் நாள் கட்டினால் 88,160, 30-ஆம் நாள் கட்டினால் 89,680. இருபது நாள் பணத்தை வைத்துக்கொள்ள அவர் தரும் விலை 1,520 ரூபாய். 88,160 மேல் இது 1.72 சதவீதம்தான், சின்னதாகத் தெரிகிறது. ஆனால் இருபது நாளுக்கு 1.72 என்றால் ஆண்டுக்கு 31 சதவீதத்துக்கு மேல். அவருக்கு வங்கியில் 12 சதவீத வட்டியில் ஓவர்டிராஃப்ட் இருந்து, 88,160-ஐ எடுத்துப் பத்தாம் நாளே கட்டினாலும் இருபது நாள் வட்டி சுமார் 580 ரூபாய்தான் ஆகும். கடன் வாங்கிக் கட்டியும் 940 ரூபாய் மிச்சம். கையில் பணம் இல்லை என்பதற்காக இந்தத் தள்ளுபடியை விடுபவர், வங்கியை விட இரண்டரை மடங்கு வட்டிக்கு மொத்த வியாபாரியிடம் கடன் வாங்கியிருக்கிறார். ‘பெற்ற தள்ளுபடி’ தனியாக இருந்தால்தான், கிடைத்திருக்க வேண்டியது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒப்பிட முடியும்.

இனி தப்பு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். அடிக்கடி நடப்பது, வியாபாரத் தள்ளுபடியையும் வருமானமாகப் போட்டுவிடுவது. பில்லில் 1,00,000 என்று மேலே இருக்கிறது, ‘தள்ளுபடி 24,000’ என்று கீழே இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர் பார்த்ததைப் பார்த்தபடி கொள்முதல் 1,00,000 பற்று, பெற்ற தள்ளுபடி 24,000 வரவு என்று போடுகிறார். வரியும் பில் தொகையும் சரியாகவே இருக்கும், இருப்பாய்வும் சமப்படும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

சரக்கு முழுவதும் அந்த வருடமே 92,000-க்கு விற்றுவிட்டால் இறுதி லாபத்திலும் வித்தியாசம் வராது. சரியான கணக்கில் 92,000-இல் 76,000 போக மொத்த லாபம் 16,000. தப்பான கணக்கில் 92,000-இல் 1,00,000 போக 8,000 மொத்த நட்டம். பிறகு 24,000 ‘வருமானம்’ சேர்ந்து அதே 16,000. நட்டத்துக்கு விற்றுத் தள்ளுபடியில் பிழைக்கும் கடை போல ஒரு பொய்த் தோற்றம் வரும், அவ்வளவுதான்.

ஆனால் மார்ச் 31 அன்று பாதிச் சரக்கு அலமாரியில் இருந்தால் கதையே வேறு. பாதி 46,000-க்கு விற்றிருக்கிறது. சரியான கணக்கில் விற்ற பாதியின் அடக்கம் 38,000, லாபம் 8,000. மீதிச் சரக்கின் மதிப்பு 38,000. தப்பான கணக்கில் மீதிச் சரக்கு 50,000 என்று நிற்கும். விற்ற பாதியில் 4,000 நட்டம், அதோடு 24,000 தள்ளுபடி வருமானம் சேர்ந்து 20,000 லாபம். விற்காத சரக்குக்கு உரிய 12,000 தள்ளுபடியும் இந்த வருட லாபமாக ஏறிவிட்டது. கடைக்காரர் அதற்கும் வருமான வரி கட்டுவார். அடுத்த வருடம் மீதியை அதே 46,000-க்கு விற்றால் 8,000 லாபத்துக்குப் பதில் 4,000 நட்டம் காட்டும். வியாபாரம் படுத்துவிட்டதோ என்று அவர் கவலைப்படுவார். இதற்கிடையே வங்கிக்குக் கொடுத்த சரக்கு இருப்பு அறிக்கையில் 38,000 பெறுமான சரக்கு 50,000 என்று போயிருக்கும். அதை நம்பி வங்கி கடன் வரம்பைக் கணக்கிட்டிருக்கும். இந்திய கணக்குப்பதிவுத் தரம் 2, சரக்கின் கொள்முதல் அடக்கத்தைக் கணக்கிடும்போது வியாபாரத் தள்ளுபடியைக் கழித்துவிட வேண்டும் என்று தெளிவாகவே சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டியதில்லை. வருடத்தின் ‘பெற்ற தள்ளுபடி’யைக் கொள்முதலோடு வகுத்துப் பாருங்கள். உங்கள் தொழிலில் ரொக்கத் தள்ளுபடி 2 சதவீதம்தான் என்றால் அந்த விகிதம் 2-ஐத் தாண்டவே கூடாது. 10, 15 என்று நின்றால் வியாபாரத் தள்ளுபடி அதற்குள் புகுந்திருக்கிறது.

எதிர்த்திசைத் தப்பும் உண்டு. எப்படியும் பத்து நாளில் கட்டப்போகிறோம் என்று நினைத்து, பில் வந்த அன்றே 2 சதவீதத்தையும் கழித்துக் கொள்முதலை 74,480 என்று பதிவது. இதில் உடனே மூன்று இடத்தில் இடிக்கும். மொத்த வியாபாரி தாக்கல் செய்த விவரப்படி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் மதிப்பு 76,000 என்று இருக்கும், நம் புத்தகத்தில் 74,480. மொத்த வியாபாரி அனுப்பும் கணக்கு விவரத்தில் பாக்கி அதிகமாக இருக்கும். எதிர்பாராத செலவு வந்து 10-ஆம் நாள் கட்ட முடியாமல் போனால், தீராத கடன் தீர்ந்ததாகப் புத்தகம் சொல்லும். இந்தக் கடைகளில் ‘பெற்ற தள்ளுபடி’ கணக்கு ஏறக்குறையப் பூஜ்யமாக இருக்கும். ஒழுங்காகக் கட்டுகிறோம், பிறகும் அந்தக் கணக்கில் ஒன்றுமில்லையே என்றால் அது கொள்முதலுக்குள் கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.

டாலி போன்ற மென்பொருளில் இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. கொள்முதல் பதிவில் தள்ளுபடிக்கென்று தனிப் பத்தியைத் திறந்துகொள்ளலாம். அதில் சதவீதத்தைப் போட்டால் கழித்த தொகைதான் கொள்முதல் கணக்குக்குப் போகும். ரொக்கத் தள்ளுபடியை அந்தப் பத்தியில் போடக் கூடாது. அது பணம் செலுத்தும் பதிவில், வங்கி வரிக்குக் கீழே தனி வரியாக வர வேண்டும்.

சரக்கைத் திருப்பும்போது இரண்டு தள்ளுபடியும் மறுபடி தலைகாட்டும். பட்டியல் விலைப்படி 10,000 ரூபாய் ஒயரில் குறை இருந்து திருப்புகிறோம் என்றால், கொள்முதல் திருப்பத்தில் போட வேண்டியது 7,600, வரி 1,368, ஆக 8,968. வாங்கும்போது கழித்த வியாபாரத் தள்ளுபடியைத் திருப்பும்போதும் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்காத விலைக்குத் திருப்பியதாக ஆகும். பணம் ஏற்கெனவே கட்டி 2 சதவீதத்தையும் பெற்றிருந்தால், திருப்பிய பங்குக்கான 152 ரூபாயை மொத்த வியாபாரி திரும்பக் கேட்பார். அது கொள்முதல் திருப்பத்தில் சேராது. பெற்ற தள்ளுபடியைத்தான் 152 குறைக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது போலத் தோன்றும் ஒன்று, டர்ன்ஓவர் டிஸ்கவுண்ட். வருடத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ கிரெடிட் நோட் வரும். பில்லில் இல்லாமல் பின்னால் வருவதால் பலரும் இதை ரொக்கத் தள்ளுபடியோடு சேர்த்துவிடுகிறார்கள். அது சரியல்ல. எப்போது கட்டினோம் என்பதற்காக வருவதல்ல அது, எவ்வளவு வாங்கினோம் என்பதற்காக வருவது. எனவே விலைக்குறைப்பு; கொள்முதல் அடக்கத்தைத்தான் குறைக்க வேண்டும்.

பின்னால் வரும் தள்ளுபடிகளில் வரிதான் சிக்கல். மொத்த வியாபாரி கிரெடிட் நோட்டை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி வரியோடு கொடுத்தால், நம் 1,520-க்கு வரி 273 ரூபாய் 60 காசு அவருக்குக் குறையும், அதே 273.60-ஐக் கடைக்காரர் தன் உள்ளீட்டு வரியிலிருந்து திருப்பிக் கழிக்க வேண்டும். வரியைத் தொடாமல் வெறும் வணிகக் கிரெடிட் நோட்டாகக் கொடுத்தால் 13,680 வரி அப்படியே நிற்கும், கடைக்காரர் எதையும் திருப்ப வேண்டியதில்லை. இதை 2025 செப்டம்பர் 12 தேதியிட்ட சுற்றறிக்கையில் வரித்துறை தெளிவுபடுத்தியது. ரொக்கத் தள்ளுபடிக்கு இந்த இரண்டாவது வழியே பெரும்பாலும் சிக்கலில்லாதது. வரியோடு கொடுக்க, அந்தத் தள்ளுபடி முன்கூட்டிய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட பில்களோடு இணைத்துக் காட்ட வேண்டும் என்று 2017-இன் சட்டம் நிபந்தனை வைத்தது. அதை நீக்கும்படி 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தது. கிரெடிட் நோட் கைக்கு வந்ததும் அதில் வரிப் பத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு அதைப் பொறுத்தே மாறும்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவினை இப்போது சற்று மாறியிருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய கணக்குப்பதிவுத் தரம் 115, வாடிக்கையாளர் ரொக்கத் தள்ளுபடியைப் பயன்படுத்திக்கொள்வார் என்று எதிர்பார்த்தால் அதையும் முன்கூட்டியே மதிப்பிட்டு விற்பனை வருவாயிலேயே கழிக்கச் சொல்கிறது. அந்தத் தரம் பொருந்தும் கம்பெனியில் ‘அளித்த தள்ளுபடி’ தனிச் செலவாக நிற்காது. தெருமுனைக் கடைக்கும் அதற்குச் சரக்கு போடும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் இந்த விதி பொருந்தாது. மேலே சொன்ன பழைய முறைதான்.

நீங்கள் கடை நடத்துபவராக இருந்தால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். போன வருடத்துக் கொள்முதல் பில்களில் எவற்றில் ரொக்கத் தள்ளுபடி வாசகம் இருக்கிறது என்று பிரித்து, கெடுவுக்குள் கட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கூட்டுங்கள். அதைப் பேரேட்டில் உள்ள ‘பெற்ற தள்ளுபடி’யோடு ஒப்பிடுங்கள். பேரேட்டுத் தொகை அதிகமாக இருந்தால் கணக்கெழுதுபவரை உட்காரவைத்துப் பேசுங்கள். குறைவாக இருந்தால், அந்த வித்தியாசத்தை எழுதிக்கொண்டு போய் உங்கள் வங்கி மேலாளரிடம் ஓவர்டிராஃப்ட் வரம்பைப் பற்றிப் பேசுங்கள்.